ஞாயிறு காலை ஏழரை, சனி இரவு ஒன்பது

“அம்மா யாழ்ப்பாணம், அண்ணன் டொராண்டோ, நான் மெல்பர்ன், ஜனவரியில் வரைபடத்தைப் பார்த்துக் கணக்கிட்டால் ஒரு மணி நேரம் தவறுகிறதே?”

நேர மண்டல வரைபடங்களில், கிரீன்விச் நேரத்தைவிட எத்தனை மணி முன்னே (+) அல்லது பின்னே (−) என்று காட்டும் எண்கள் பெரும்பாலும் நியம நேரத்தையே குறிக்கின்றன. மெல்பர்னுக்கு +10 என்றிருந்தாலும், அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அங்கே கோடைகால நேரம் நடப்பதால் அதை +11 என்றே கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தின் +5:30 ஆண்டு முழுவதும் மாறாது. ஆனால் அந்த அரை மணியை வரைபடத்தின் மணிநேரப் பட்டைகளை எண்ணிப் பிடிக்க முடியாது, நாட்டின் மேல் எழுதியிருப்பதையே பாருங்கள்.

டொராண்டோ ஜனவரியில் −5. அண்ணனுக்குச் சனி இரவு 9 மணி என்றால், ஐந்தைக் கூட்ட கிரீன்விச்சில் ஞாயிறு அதிகாலை 2. ஆகவே அம்மாவுக்கு ஞாயிறு காலை 7:30, உங்களுக்குப் பிற்பகல் 1. கிழமை மாறுவதால் அண்ணனிடம் மட்டும் “சனிக்கிழமை” என்று சொல்லுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று டொராண்டோ −4 ஆகிவிடும். அதற்கடுத்த சனி அதே 9 மணிக்கு அழைத்தால், அம்மா 6:30க்கே எழுந்திருக்க வேண்டும்.