பாதுகாப்புத் திட்டம் என்று கார்டில் பிடித்த பணம்: "நிறுத்துங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள்

கேள்வி: அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சியில அப்பளம் போட்டு யாவாரம் பண்ணுதேன். கிரெடிட் கார்டு பில்லு ஆட்டோ டெபிட்ல முழுசாப் போயிரும், அதனால நான் பிரிச்சுப் பாக்கது இல்ல. இப்ப மவன் பாத்துச் சொல்லுதான், பாதுகாப்புத் திட்டம்னு மாசம் 299 ரூவாயும் அதுக்கு வரியும் பதினோரு மாசமாப் போயிருக்காம். போன வருசம் மே மாசம் ஒரு பிள்ள போன்ல பேசுனா, "முதல் மாசம் இலவசம்"னா. நான் "சரி, பாக்கேன்"னு சொல்லி வச்சிட்டேன். கஸ்டமர் கேர்ல, "இனிமே நிறுத்திருதோம், போனது போனதுதான்"ங்காங்க. பணம் திரும்பி வருமா? கடுதாசி எப்படி எழுதணும்?

பதில்: வர வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கஸ்டமர் கேர் சொன்னதற்கு "சரி, நிறுத்துங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால், வாடிக்கையாளர் தாமாகவே திட்டத்தை ரத்து செய்தார் என்று பதிவாகும். ரத்து முடிந்ததும் புகாரையும் முடித்துவிடுவார்கள். பிறகு பணத்தைக் கேட்டால், "நீங்களே திட்டத்தில் இருந்து, நீங்களே விலகினீர்கள்" என்பார்கள். ரத்து என்றால் இதுவரை திட்டம் இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். உங்கள் கோரிக்கை வேறு: சம்மதம் இல்லாமல் சேர்த்தது, சேர்த்த நாளிலிருந்தே செல்லாது என்பது. கடிதம் முழுக்க இந்த ஒரு நிலையில் நிற்க வேண்டும்.

நீங்கள் போனில் சொன்ன சொல்லைக் கவனியுங்கள். நம்ம பக்கம் "சரி, பாக்கேன்" என்றால் யோசித்துச் சொல்கிறேன் என்று அர்த்தம். பல நேரம் வேண்டாம் என்பதையே மரியாதையாகச் சொல்வது. விற்பனைக் குறிப்பில் அந்த "சரி" மட்டும் ஏறியிருக்கும். அதனால் "எனக்கு அப்படி ஒரு போனே வரவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். பேச்சுப் பதிவு அவர்களிடம் இருந்தால், அந்த ஒரு வரியாலேயே உங்கள் கடிதம் முழுவதும் நம்பகம் இழந்துவிடும். போன் வந்தது, இப்படிச் சொன்னேன், இது சம்மதம் ஆகாது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். முதல் மாதம் இலவசம் என்று சொல்லி, அடுத்த மாதம் நீங்கள் வேண்டாம் என்று சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதும் அதே கதைதான்.

சட்டத்தில் உங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து கார்டுதாரருக்குக் காப்பீடு தருவதானால், எழுத்திலோ டிஜிட்டல் முறையிலோ வெளிப்படையான சம்மதம் வாங்க வேண்டும். நியமனதாரர், அதாவது நாமினி விவரத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். உங்களிடம் நாமினி யார் என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அதைக் கடிதத்தில் தனி வரியாக எழுதுங்கள். பில்லை எதிர்த்துக் கேட்டால், விளக்கமும் தேவைப்படும் ஆவணமும் 30 நாளுக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலில் பார்த்துவிடுங்கள். பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று காப்பீடு, இதற்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயரோடு சான்றிதழ் மெயிலில் வந்திருக்கும். மற்றொன்று கார்டு தொலைந்தால் முடக்க உதவுவது போன்ற வெறும் சேவை. இதில் காப்பீட்டு நிறுவனமே இருக்காது. மே, ஜூன் மாத மெயில்களை, ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து, மகனைத் தேடச் சொல்லுங்கள். காப்பீடு என்றால் கடிதத்தின் நகலை அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். எதுவுமே வரவில்லை என்றால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்: திட்ட ஆவணமே என் கைக்கு வரவில்லை என்று எழுதலாம்.

அடுத்து கணக்கு. 299 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 53.82, ஆக மாதம் 352.82. பதினோரு மாதத்துக்கு 3,881.02. பலர் 299-ஐ மட்டும் பதினொன்றால் பெருக்கி 3,289 கேட்கிறார்கள். கம்பெனியும் அதை மட்டும் கொடுத்து முடித்துவிடுகிறது. வரி 592.02 ரூபாய் அப்படியே விட்டுப்போகும். ஸ்டேட்மென்ட்டில் ஜிஎஸ்டி பெரும்பாலும் தனி வரியாக, சில நேரம் வேறு கட்டணங்களின் ஜிஎஸ்டியோடு சேர்ந்து இருக்கும். அதனால் ஒவ்வொரு மாதமும் தேடிப் பார்த்துக் கூட்டுங்கள். 2025 ஜூன் முதல் 2026 ஏப்ரல் வரை பதினோரு ஸ்டேட்மென்ட்டையும் ஆப்பில் இருந்து இறக்கி, இந்தக் கட்டணமும் ஜிஎஸ்டியும் உள்ள இடங்களின் கீழே கோடு போடுங்கள். 2025 மே ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்து வையுங்கள். அதில் இந்தக் கட்டணம் இல்லை என்பதே எப்போது தொடங்கியது என்பதற்குச் சாட்சி. நீங்கள் முழுப் பில்லையும் கட்டுகிறவர் என்பதால் வட்டிப் பேச்சு இல்லை. பாக்கி வைத்துக் கட்டுகிறவர்கள், இந்தத் தொகைமேல் ஏறிய வட்டியையும் அதற்கான வரியையும் கணக்கிட்டுத் தரச் சொல்லி ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கோபத்தில் ஆட்டோ டெபிட்டை நிறுத்திவிடாதீர்கள். 352 ரூபாயைப் பிடித்துவைத்துவிட்டு மீதியைக் கட்டினால், பில் முழுதாகக் கட்டாததாகிவிடும். வட்டியில்லாக் காலச் சலுகை போய், வாங்கிய சரக்கு எல்லாவற்றுக்கும் வட்டி ஏறும். கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பதுதான் உங்களுக்குப் பத்திரம்.

இனி கடிதம். இந்த வரிசையிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் வரிசை மாற வேண்டாம்.

பெறுநர்: குறைதீர் அலுவலர், (கார்டு கம்பெனியின் பெயர், அவர்கள் இணையதளத்தில் உள்ள முகவரி)

பொருள்: ____ என்று முடியும் கார்டு — சம்மதமின்றிச் சேர்த்த பாதுகாப்புத் திட்டத்தைத் தொடக்க நாளிலிருந்து நீக்கி, ரூ. 3,881.02 திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட கார்டில் 2025 ஜூன் முதல் 2026 ஏப்ரல் வரை, பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் மாதம் ரூ. 299-உம் அதற்கான ஜிஎஸ்டி ரூ. 53.82-உம் பிடிக்கப்பட்டுள்ளன. பதினோரு மாதத்துக்கு மொத்தம் ரூ. 3,881.02. மாதவாரிப் பட்டியலும் ஸ்டேட்மென்ட் நகல்களும் இணைத்துள்ளேன்.

2025 மே மாதம் உங்கள் சார்பில் ஒருவர் தொலைபேசியில் இத்திட்டம் பற்றிப் பேசினார். "சரி, பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். திட்டத்தில் சேர நான் சம்மதம் தரவில்லை. எந்தப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை; இதற்காக ஓடிபி எதுவும் தரவில்லை. நாமினி விவரம் என்னிடம் கேட்கப்படவில்லை. திட்ட ஆவணம் எதுவும் எனக்கு வரவில்லை. இத்திட்டத்தின் கீழ் எந்தப் பயனும் நான் பெறவில்லை.

ஆகவே: முதலாவது, இத்திட்டத்தைச் சேர்த்த நாளிலிருந்தே செல்லாததாக்கி நீக்கி, இனி கட்டணம் பிடிப்பதை நிறுத்துங்கள். இரண்டாவது, வரியும் சேர்ந்த ரூ. 3,881.02-ஐத் திருப்பித் தாருங்கள். மூன்றாவது, மறுப்பதானால் என் சம்மதம் என்று நீங்கள் கருதும் ஆவணத்தையோ, முழுப் பேச்சுப் பதிவையோ 30 நாளுக்குள் தாருங்கள்.

இக்கடிதத்தை வெறும் ரத்துக் கோரிக்கையாகப் பதிவு செய்யக் கூடாது; கட்டிய தொகையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படிக்கு, (பெயர், பதிவு செய்த கைபேசி எண், தேதி, கையெழுத்து)

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முதலில் சொன்ன சிக்கலுக்கு அதுதான் தடுப்பு. "ஓடிபி தரவில்லை" என்ற வாசகத்தைக் கையெழுத்துப் போடுமுன் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு ஏதாவது எண் வந்து நீங்கள் சொல்லியிருந்தால் அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். மெயிலில் சான்றிதழ் கிடைத்திருந்தால் "திட்ட ஆவணம் எதுவும் எனக்கு வரவில்லை" என்பதையும் எடுத்துவிடுங்கள். முழுக் கார்டு எண்ணை எங்கேயும் எழுதாதீர்கள், கடைசி நான்கு இலக்கம் போதும்.

முதலில் மெயிலில், கம்பெனியில் பதிவு செய்த உங்கள் மெயிலில் இருந்தே அனுப்புங்கள். வேறு மெயிலில் இருந்து போனால் அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வாரம் இழுப்பார்கள். புகார் எண் வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள், 30 நாள் கணக்குக்கு அந்தத் தேதிதான் முக்கியம். கையெழுத்திட்ட நகலை அம்பாசமுத்திரம் தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட்டில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுப் பதிவை அனுப்பினால் மகனோடு உட்கார்ந்து மூன்று விஷயத்தைக் கேளுங்கள். இலவச மாதம் முடிந்ததும் 299 ரூபாய் பிடிப்போம் என்று தொகையைச் சொன்னார்களா? மாதாமாதம் பிடிக்கும் என்று சொன்னார்களா? அதன் பிறகு நீங்கள் தெளிவாக ஒப்புக்கொண்டீர்களா? இந்த மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் அதையே மேற்கோள் காட்டி மறுபடி எழுதலாம். மூன்றுமே இருந்து, நீங்களும் "சேத்துருங்க" என்று சொல்லியிருந்தால், பழைய பணம் வருவது கடினம். நீக்கியதோடு திருப்தி அடைய வேண்டியிருக்கும்.

பாதித் தொகையை "நல்லெண்ண அடிப்படையில்" தருகிறோம், ஏற்றுக்கொள்கிறீர்களா என்று போன் வரலாம். சம்மதம் என்று வாயால் சொன்னால் அதோடு புகார் முடிந்துவிடும். எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லிவிடுங்கள். 

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் புகார் பதியக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கம்பெனிக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் மெயிலும் புகார் எண்ணும் ஸ்பீடு போஸ்ட் ரசீதும் பத்திரமாக இருக்க வேண்டும். பதிவதில் சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம்.

பணம் பெரும்பாலும் கார்டுக் கணக்கிலேயே வரவாக ஏறும். நீக்கிவிட்டோம் என்று மெயில் வந்த பிறகும் அடுத்த இரண்டு ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். பில் தயாரான நேரத்தில் நீக்கியிருந்தால் இன்னொரு 352.82 ஏறியிருக்கும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். புகார் போட்ட சில நாளில் "ரீஃபண்டு போடுகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் அது மோசடி. திருப்பித் தருகிற பணத்துக்கு ஓடிபி தேவையே இல்லை. போனை வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.