மலிவு கிரியேட்டினில் ஈயம் இருக்குமா? லேப் ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

*"வயது 27. ஜிம்முக்குப் போகிறேன். ஆன்லைனில் இருப்பதிலேயே விலை குறைந்த கிரியேட்டின் வாங்கி தினமும் 5 கிராம் எடுக்கிறேன். சீப் கிரியேட்டினில் ஈயம், பாதரசமெல்லாம் இருக்கும், கிட்னி போய்விடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். விற்பவரிடம் கேட்டேன், ஒரு பக்க லேப் ரிப்போர்ட் அனுப்பினார். தூய்மை 99.8 சதவீதம், கன உலோகங்கள் 10 பிபிஎம்முக்குக் கீழே என்று இருக்கிறது. இதை நம்பிச் சாப்பிடலாமா?"*

இந்தத் தாளை மட்டும் நம்பிச் சாப்பிட வேண்டாம். அதில் பொய் இருப்பதாக நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அதில் பதிலே இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பிபிஎம் என்றால் ஒரு கிராம் பொடியில் ஒரு மைக்ரோகிராம். 10 பிபிஎம் என்றால் ஐந்து கிராம் ஸ்கூப்பில் 50 மைக்ரோகிராம். வாய்வழி மருந்துகளில் ஈயம் ஒரு நாளைக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது மருந்துத் துறையின் சர்வதேச வழிகாட்டி (ஐசிஹெச் க்யூ3டி) வைத்திருக்கும் வரம்பு. அதைப்போல எட்டு, ஒன்பது மடங்கு ஈயம் உங்கள் டப்பாவில் இருந்தாலும் இந்த ரிப்போர்ட் 'பாஸ்' என்றுதான் சொல்லும். முதல் வாரம் லோடிங் என்று தினம் 20 கிராம் எடுப்பவருக்கு அது இன்னும் நான்கு மடங்கு. உங்கள் டப்பாவில் அவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இருந்தாலும் இந்தத் தாள் காட்டிக்கொடுக்காது, அவ்வளவுதான்.

'கன உலோகங்கள் மொத்தமாக, 10 பிபிஎம்முக்குக் கீழே' என்ற வரி எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய சல்ஃபைடு சோதனையிலிருந்து. பொடியை எரித்துச் சாம்பலாக்கி, கரைத்து, சல்ஃபைடு சேர்ப்பார்கள். கரைசல் எவ்வளவு கறுக்கிறது என்பதை ஒரு ஈயக் கரைசலோடு பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிடுவார்கள். எரிக்கும் சூட்டில் பாதரசம் ஆவியாகிப் போய்விடும். எது ஈயம், எது காட்மியம் என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. அமெரிக்க மருந்துத் தர நூலான யுஎஸ்பி இந்தச் சோதனையை 2018 ஜனவரி 1 முதல் கைவிட்டுவிட்டது. ஆனாலும் மொத்த வியாபாரிகளின் தாள்களில் அந்த வரி மட்டும் பத்திரமாக நகலாகிக்கொண்டே இருக்கிறது.

இனி, வெளியார் சோதித்தபோது என்ன தெரிந்தது என்பதற்கு வருகிறேன். 2011-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கடைகளில் கிடைத்த 33 கிரியேட்டின் மாதிரிகளைச் சோதித்து ஃபுட் கெமிஸ்ட்ரி இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆர்சனிக், காட்மியம், ஈயம், பாதரசம் நான்கையும் தேடினார்கள். கண்டறியும் அளவில் கிடைத்தது பாதரசம் மட்டும்தான், அதுவும் ஒரு பிபிஎம்முக்குக் கீழே. ஐந்து கிராம் எடுப்பவருக்கு அது அதிகபட்சம் 5 மைக்ரோகிராம். மருந்து வழிகாட்டியில் பாதரசத்துக்கான வரம்பு நாளுக்கு 30 மைக்ரோகிராம். ஆக, சுவையூட்டாத வெறும் கிரியேட்டின் பொடியைப் பொறுத்தவரை உலோக பயம் பெரும்பாலும் மிகை என்பதே என் கணிப்பு.

அப்படியென்றால் இவ்வளவு பயம் எப்படி வந்தது? புரோட்டீன் பவுடரிலிருந்து ஒட்டிக்கொண்டது. பட்டாணி, அரிசி போன்ற தாவரப் புரோட்டீன்களிலும் கோகோ சேர்த்த சாக்லேட் சுவைகளிலும் ஈயமும் காட்மியமும் அதிகம் தென்படுகின்றன என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. மண்ணில் இருப்பதைச் செடி உறிஞ்சிக்கொள்கிறது. கிரியேட்டின் மண்ணில் விளைவதில்லை, ரியாக்டரில் தயாராகிறது. அதற்கென்று வேறு மாசுகள் உண்டு. அந்த இத்தாலிய ஆய்வில் கவலை தரும் பகுதியும் அதுதான்: ஏறக்குறைய பாதி மாதிரிகளில் ஏதாவது ஒரு கரிம மாசாவது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைத்த அளவைத் தாண்டியிருந்தது.

கிரியேட்டின் தயாரிக்க இரண்டு மூலப்பொருள்கள் வேண்டும்: சோடியம் சார்கோசினேட், சயனமைடு. இவை இரண்டும் சரியாக இணைந்தால் கிரியேட்டின். சூடு, காரத்தன்மை, சேர்க்கும் வேகம் ஆகியவற்றில் கட்டுப்பாடு தவறினால் சயனமைடு தனக்குத்தானே இணைந்துகொள்ளும். இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்தால் டைசயன்டயமைடு. இதோடு டைஹைட்ரோடிரையசின் என்று இன்னொரு துணைப்பொருளும் உருவாகலாம். கிரியேட்டினே சிதைந்தால் கிரியேட்டினைன் ஆகும். இவற்றை நீக்க, படிகமாக்கி, சுத்தமான நீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் கிரியேட்டினும் நீரோடு போகும், அது நஷ்டம். விலையைக் குறைக்க நினைப்பவர் கைவைக்கச் சுலபமான இடம் இது.

இந்த மூன்றில் கிரியேட்டினைனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, நம் தசையிலேயே தினமும் உருவாகிற பொருள்தான் அது. அளவு மிஞ்சியிருந்தால் சரக்கு பழையது, அல்லது ஈரம் பட்டது என்று அர்த்தம். (ஜெல்லி மிட்டாய் மாதிரி மென்று சாப்பிடும் கம்மி வடிவக் கிரியேட்டினை நான் பரிந்துரைக்காததும் இதனால்தான். ஈரமும் புளிப்பும் சேர்ந்த இடத்தில் கிரியேட்டின் சிதைந்துகொண்டே இருக்கும்.) டைசயன்டயமைடுக்கு நச்சுத்தன்மை குறைவு. நியூசிலாந்தில் மேய்ச்சல் நிலத்தில் இதைத் தெளித்து, 2013 ஜனவரியில் பாலில் அதன் தடயம் இருப்பது வெளியாகிப் பெரிய வர்த்தகச் சலசலப்பானது. குடித்தவர்களுக்கு ஆபத்தில்லை என்றே அந்நாட்டு அரசு சொன்னது. எனக்கு உறுத்துவது டைஹைட்ரோடிரையசின்தான். மனிதர் மாதக்கணக்கில் அதை உட்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் போதுமான தரவு இல்லை. தரவில்லாத பொருளைத் தினமும் சாப்பிட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இப்போது உங்கள் தாளில் உள்ள '99.8 சதவீதம்' என்பதைப் பார்ப்போம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004-இல் தினம் 3 கிராம் வரை கிரியேட்டின் எடுப்பதில் கவலை இல்லை என்றபோது, குறைந்தது 99.95 சதவீதத் தூய்மை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொன்னது. 99.8-க்கும் 99.95-க்கும் வித்தியாசம் சொற்பம் போலத் தெரியும். மாசு பக்கமிருந்து பார்த்தால் முன்னதில் 2,000 பிபிஎம், பின்னதில் 500 பிபிஎம். நான்கு மடங்கு. இன்னொன்று, கிரியேட்டின் எவ்வளவு என்று அளக்கும் சோதனையிலேயே இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும் அளவுக்குப் பிழை வரலாம். அதனால் தூய்மைச் சதவீதத்தை வைத்து மாசைக் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது. மாசுகளைத் தனித்தனியாக அளந்திருக்க வேண்டும்.

விற்பவரிடம் மறுபடி கேளுங்கள், இந்த முறை குறிப்பாகக் கேளுங்கள். ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் நான்குக்கும், ஒவ்வொரு உலோகத்தையும் தனியாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் முறையில் தனித்தனி எண்கள் வேண்டும். டைசயன்டயமைடு, டைஹைட்ரோடிரையசின், கிரியேட்டினைன் மூன்றுக்கும், கலவையைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி முறையில் எண்கள் வேண்டும். எண்ணுக்குப் பதில் 'கண்டறியப்படவில்லை' என்றிருந்தால் பக்கத்திலேயே எல்ஓக்யூ, அதாவது அந்த லேபால் அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவு, எவ்வளவு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஈயத்துக்கு அது 0.1 பிபிஎம் என்றால் உங்கள் ஸ்கூப்பில் அரை மைக்ரோகிராமுக்கும் குறைவு, நிம்மதியாக இருக்கலாம். 2 பிபிஎம் என்றால் 10 மைக்ரோகிராம் வரை ஒளிந்திருக்க இடம் இருக்கிறது.

அடுத்து, ரிப்போர்ட்டில் உள்ள பேட்ச் எண்ணும் டப்பாவின் அடியில் அச்சிட்ட எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு நல்ல பேட்ச்சைச் சோதித்து, அந்தத் தாளையே இரண்டு வருடம் சுற்றில் விடுவது இந்தத் தொழிலில் சகஜம். லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருந்தால் தாளில் யுஎல்ஆர் என்று தொடங்கும் தனி எண் இருக்கும். அங்கீகாரம் எந்தெந்தச் சோதனைகளுக்கு என்பதை என்ஏபிஎல் இணையதளத்தில் லேபின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். 'மாதிரி வாடிக்கையாளர் கொடுத்தது' என்ற சின்ன எழுத்து வரியையும் தேடுங்கள். கம்பெனி தானே பொறுக்கிக் கொடுத்த பொடி அது. கடையிலிருந்து வாங்கிச் சோதித்த அறிக்கைக்கு இருக்கும் மதிப்பு அதற்கு இல்லை.

முத்திரைகளிலும் ஏமாற வேண்டாம். எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண் தொழில் நடத்த உரிமம். உங்கள் பேட்ச்சைச் சோதித்ததற்குச் சான்று இல்லை. இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை முக்கியமாக ஊக்கமருந்துக் கலப்பைத் தேடுவது. என்எஸ்எஃப் சர்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட் ஊக்கமருந்தோடு உலோக மாசையும், லேபிளில் சொன்ன அளவு இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. தண்ணீரில் கலக்கிப் பார்த்துச் சுத்தம் சொல்லும் வீடியோக்களை விட்டுவிடுங்கள். சாதாரணத் தண்ணீரில் லிட்டருக்கு 14 கிராம் அளவுக்குத்தான் கிரியேட்டின் கரையும், நல்ல சரக்கும் அடியில் தங்கும். பிபிஎம் அளவு ஈயம் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

விற்பவர் இந்த எண்களைத் தரவில்லை என்றால் டப்பா தீரும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். ஒரு டப்பாவை நீங்களே லேபுக்கு அனுப்பினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பொடியின் விலையைவிட அது அதிகம் என்பதால், ஜிம்மில் பலர் சேர்ந்து ஒரே பேட்ச் வாங்கினால் மட்டுமே அர்த்தமுண்டு. புதிதாக வாங்குவது விலை கூடுதலாக இருந்தால், அளவை 3 கிராமாகக் குறையுங்கள். தசையில் கிரியேட்டின் நிறைவதற்கு நாள் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் நிறைந்துவிடும். 250 கிராம் டப்பா 50 நாளுக்குப் பதில் 83 நாள் வரும், மாசு எது இருந்தாலும் அதுவும் 40 சதவீதம் குறையும்.

கிட்னி விஷயம் ஒன்று பாக்கி. கிரியேட்டின் எடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினைன் சற்று ஏறித் தெரியலாம். எடுத்த பொடி அப்படி மாறுவதால் வருவது அது, மாசால் வருவதல்ல. டெஸ்டுக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அவர் கிட்னியைப் பார்க்கும் இன்னொரு ரத்த டெஸ்டான சிஸ்டாட்டின்-சி பார்க்கச் சொல்வார். ஈயத்தைப் பற்றிய பயம் அப்படியும் விடவில்லை என்றால் அதற்கு கிட்னி டெஸ்ட் எடுத்துப் பயனில்லை, ரத்த ஈய அளவு என்று தனி டெஸ்ட் இருக்கிறது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் வந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. அப்படி வந்தால் டப்பாவை மட்டும் சந்தேகப்படாமல், வீட்டுச் சுவரின் பழைய பெயின்ட், வேலை பார்க்கும் இடம், சாப்பிடும் நாட்டு மருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.