#N/A-வுக்கு ஒரு கட்டுரையா, இரண்டா?

*ஐயா, அலுவலகத்தில் எக்செல் பயன்படுத்துபவர்களுக்காகச் சின்னச் சின்னக் கட்டுரைகள் எழுதுகிறேன். VLOOKUP போட்டால் #N/A வருவது பற்றி எழுதியதைப் படித்த புதியவர்கள், ‘ரொம்ப நீளம், தீர்வு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை’ என்கிறார்கள். கணக்குப் பிரிவில் பல வருடம் இருப்பவர்களோ, ‘இது எங்களுக்குத் தெரிந்ததுதானே’ என்கிறார்கள். இரண்டு கட்டுரையாகப் பிரித்துவிடலாமா? ஒன்றாகவே வைத்தால் எதை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது?*

*ம., ஈரோடு*

அன்புள்ள ம.,

பிரிக்க வேண்டாம். #N/A என்று தேடி வருகிறவருக்குத் தான் புதியவரா, தேர்ந்தவரா என்று தெரியாது. காலை பத்து மணிக்கு அவசரத்தில் தீர்வை மட்டும் எடுத்துக்கொண்டு போனவரே, மாலையில் இன்னொரு பட்டியலில் அந்தத் தீர்வு பலிக்காமல் திரும்பி வருவார். அவரை இரண்டாவது கட்டுரை எங்கே இருக்கிறது என்று தேடவிடுவானேன்? தவிர, ஒரு பிழையைத் திருத்தினால் இரண்டு இடத்திலும் திருத்த வேண்டும். ஒன்றை மறப்பீர்கள். நான் மறந்திருக்கிறேன்.

எதை மேலே வைப்பது என்ற கேள்விக்கு, நான் சொதப்பிய கதையைச் சொல்வதுதான் சரி. இதே #N/A பற்றி நானும் ஒரு கட்டுரை எழுதினேன். எளிதானது மேலே, கடினமானது கீழே என்று அடுக்கினேன். முதல் பத்தியில் விரைவுத் தீர்வு: செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் தெரிந்தால், பெரும்பாலும் எண் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள், அந்தச் செல்களைத் தேர்ந்தெடுத்து Convert to Number கொடுங்கள். இரண்டே வரி, படம்கூடத் தேவையில்லை என்று எனக்கே பெருமை.

சம்பளப் பட்டியல் தயாரிக்கும் ஒருவர் அதைப் படித்துவிட்டு அப்படியே செய்தார். பணியாளர் எண் இருந்த நெடுவரிசையில் பச்சை முக்கோணம் இருந்தது. பக்கத்தில் வங்கிக் கணக்கு எண் இருந்த நெடுவரிசையிலும் இருந்தது. இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டார். #N/A போய்விட்டது, சம்பளம் சரியாக வந்து உட்கார்ந்தது. சேமித்து மூடிவிட்டார்.

எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். அவர் பட்டியலில் கணக்கு எண்கள் 16 இலக்கம். மாற்றியதும் எல்லாவற்றின் கடைசி இலக்கமும் 0 ஆகிவிட்டது. 1234567890123456 என்பது 1234567890123450 ஆகிவிடும். செல்லில் பார்த்தால் 1.23457E+15 என்று தெரியும். மறுபடி எழுத்து வடிவத்துக்கு மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது. இதைவிட மோசம், ஒரே நாளில் கணக்குத் தொடங்கிய இருவரின் எண்கள் ...456, ...457 என்று அடுத்தடுத்து இருந்தால், இரண்டும் ஒரே எண்ணாகிவிடும். அப்புறம் அந்த எண்ணை வைத்து VLOOKUP போட்டால் பிழையே காட்டாது. முதலில் இருப்பவரின் விவரத்தை இருவருக்கும் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கும். நல்லவேளையாக, வங்கிக்கு அனுப்பும் முன் யாரோ ஒருவர் எல்லா எண்ணும் 0-வில் முடிவதைப் பார்த்திருக்கிறார்.

அந்த எச்சரிக்கை என் கட்டுரையில் இருந்தது. நான்காவது பகுதியில், ‘15 இலக்க வரம்பு’ என்ற தலைப்பில், எண்களை எக்செல் எப்படிச் சேமிக்கிறது என்ற விளக்கத்தோடு. கடினமான விஷயம் என்பதால் கீழே வைத்திருந்தேன். அவர் அதுவரை வரவே இல்லை. ஏன் வர வேண்டும்? அவர் பிரச்சினை முதல் பத்தியிலேயே தீர்ந்துவிட்டதே.

அதிலிருந்து எளிது, கடினம் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நின்று, ‘இவர் இந்த இடத்தில் பக்கத்தை மூடிவிட்டுப் போனால் அவருடைய கோப்பு கெடுமா?’ என்று மட்டும் கேட்கிறேன். கெடும் என்றால், அதைத் தடுக்கும் வரி எவ்வளவு கடினமானதாக இருந்தாலும் அந்த இடத்துக்கு மேலே வந்தாக வேண்டும். காரணம் கீழே இருக்கலாம். 15 இலக்கம் ஏன் என்பது நான்காவது பகுதியிலேயே கிடக்கட்டும். ‘கணக்கு எண்ணை மாற்றாதீர்கள்’ என்பது முதல் பத்திக்கு வர வேண்டும்.

சில சமயம் எச்சரிக்கைகூட வேண்டியதில்லை, தீர்வையே மாற்றிவிடலாம். இப்போது என் முதல் பத்தி இப்படி இருக்கிறது:

> இரண்டு பட்டியலிலும் எண் ஒரே மாதிரி தெரிந்தாலும், ஒன்றில் எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் இருக்கலாம். தேடும் செல்லில் எண்ணும் பட்டியலில் எழுத்தும் இருந்தால் இதைப் போடுங்கள்:

```
=VLOOKUP(A2&"",Sheet2!$A$2:$C$500,3,FALSE)
```

> தலைகீழாக இருந்தால் `A2&""` இருக்கும் இடத்தில் `A2*1` போடுங்கள். எது எழுத்து என்று தெரியாவிட்டால் ஒரு காலிச் செல்லில் `=ISTEXT(A2)` என்று கொடுங்கள். எழுத்தாக இருந்தால் TRUE வரும். கணக்கு எண், 0-வில் தொடங்கும் எண் ஆகியவற்றுக்கு Convert to Number கொடுக்காதீர்கள், இலக்கம் போய்விடும்.

பழைய இரண்டு வரியைவிட இது நீளம்தான். ஆனால் மாற்றம் ஃபார்முலாவுக்குள்ளேயே நடக்கிறது, மூலப் பட்டியலை யாரும் தொடுவதில்லை. `$` குறிகள் ஏன் என்று புதியவருக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே, ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது பட்டியல் நகர்ந்து #N/A வருவதை அவை தடுத்துவிடும். FALSE-உம் அப்படியே. அதை விட்டுவிட்டால் எக்செல் தானாக TRUE என்று எடுத்துக்கொண்டு, பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாக நினைத்துத் தோராயமாகத் தேடும். வரிசையில் இல்லாத பட்டியலில் வேறு ஒருவருடைய சம்பளத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். #N/A-வாவது ‘கிடைக்கவில்லை’ என்று நேர்மையாகச் சொல்கிறது. இந்த விளக்கம் முழுவதும் கீழே இருக்கலாம், ஏனென்றால் அதற்கான காப்பு மேலே உள்ள ஃபார்முலாவிலேயே இருக்கிறது.

இனி, ‘தெரிந்ததுதானே’ என்கிறவர்கள். மேலே எளிய தீர்வு இருப்பதால் அவர்களுக்குக் கோபம் வருவதாக நான் நினைக்கவில்லை. தங்கள் பகுதி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், தெரிந்ததை எல்லாம் படித்துக்கொண்டே வர வேண்டியிருப்பதுதான் எரிச்சல். உங்கள் கட்டுரையில் ‘அடிப்படை’, ‘விரிவான விளக்கம்’, ‘மேலும் சில குறிப்புகள்’ என்று தலைப்புகள் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறோம். திரையில் அவர் என்ன பார்க்கிறாரோ அதையே தலைப்பாக வையுங்கள். ‘இரண்டும் எழுத்துதான், இருந்தும் #N/A வருகிறது.’ ‘TRIM போட்டும் வருகிறது.’ ‘பிழை இல்லை, ஆனால் விடை தவறு.’ தேர்ந்தவர் முதல் இரண்டையும் ஒரு பார்வையில் தாண்டி மூன்றாவதில் போய் இறங்குவார். புதியவருக்கும் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று அதுவே சொல்லிவிடும்.

இரண்டாவது அடுக்கை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் திரும்பி வருவது இந்த இடத்துக்குத்தான். பணியாளர் எண் 1024, இரண்டு பக்கமும் எழுத்துதான், இருந்தும் கிடைக்கவில்லை. `=LEN(A2)` போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 4 வர வேண்டிய இடத்தில் 5 வந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. TRIM போட்டால் பெரும்பாலும் போய்விடும். போகவில்லை என்றால் அது சாதாரண இடைவெளி இல்லை. பெரும்பாலும், இணையப் பக்கத்திலிருந்து நகல் எடுக்கும்போது வருகிற, 160 என்ற எண் கொண்ட இடைவெளி. TRIM அதைத் தொடாது.

```
=SUBSTITUTE(A2,UNICHAR(160),"")
```

இந்தப் பகுதி தனியாக நிற்க வேண்டும். ‘மேலே சொன்னபடி’, ‘அதே செல்லில்’ என்றெல்லாம் எழுதினால், நேராக இங்கே வந்து இறங்கியவர் மேலே ஏறிப் போக வேண்டியிருக்கும். 1024 என்ற உதாரணத்தை மறுபடியும் முழுதாகச் சொல்லிவிடுங்கள். நாலு வார்த்தை கூடினால் கூடட்டும். ஆனால் உதாரணத்தை மட்டும் மாற்றாதீர்கள். முதல் பகுதியில் பணியாளர் எண், இரண்டாவதில் மாணவர் மதிப்பெண், மூன்றாவதில் மளிகை விலை என்று தாவினால், மேலிருந்து இறங்கி வருகிறவர் ஒவ்வொரு படியிலும் புதிய பட்டியலை மனத்தில் கட்ட வேண்டியிருக்கும்.

கீழ்ப்பகுதிகளை மடித்து வைத்து, சொடுக்கினால் விரியும்படி செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நான் செய்வதில்லை. இம்மாதிரிக் கட்டுரைகளை அலுவலகத்தில் அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மடித்தது தாளில் வராது.

சரி பார்க்க ஒரு வழி. கட்டுரையை அச்செடுத்து, தலைப்புக்குத் தலைப்பு கத்தரிக்கோலால் வெட்டுங்கள். முதல் துண்டை மட்டும் ஒரு புதியவரிடம் கொடுத்து, உண்மையான பட்டியலின் நகல் ஒன்றில் செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். பட்டியலில் 16 இலக்க எண் உள்ள நெடுவரிசை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அவர் முடித்த பிறகு அந்த நெடுவரிசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் மூன்றாவது துண்டை மட்டும் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவரிடம் கொடுங்கள். ‘இதற்கு முன்னால் என்ன இருந்தது?’ என்று அவர் கேட்டால் அந்த இடத்தில் ஒரு வரி குறைகிறது.

IFERROR போட்டு #N/A-வை மறைக்கும் வழி உங்கள் முதல் பகுதியில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பார்க்க எளிது, அதனாலேயே மேலே வைக்கத் தோன்றும். பிழை எதனால் என்று கண்டுபிடித்த பிறகு பயன்படுத்த வேண்டியது அது. கடைசிக்கு முந்தைய பகுதியில் வைக்கலாம்.

கடைசிப் பகுதியில் தேர்ந்தவர்களுக்கென்று ஒன்று வையுங்கள். கணக்கு எண்ணை எழுத்தாகவே பத்திரமாக வைத்திருந்தாலும், இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று COUNTIF போட்டுப் பார்த்தால் அது எழுத்தையும் எண்ணாகவே எடுத்துக்கொண்டு 15 இலக்கத்தோடு நின்றுவிடும். முன்னே சொன்ன ...456, ...457 இரண்டும் ஒன்றே என்று 2 காட்டும். `A2&"*"` என்று ஒரு நட்சத்திரம் சேர்த்தால் எழுத்தாகவே ஒப்பிடும்:

```
=COUNTIF($A$2:$A$500,A2&"*")
```

எல்லா எண்ணும் ஒரே நீளமாக இருந்தால்தான் இது சரிவரும். குட்டையான எண் ஒன்று நீளமான எண்ணின் தொடக்கமாக இருந்துவிட்டால் அதையும் சேர்த்து எண்ணிவிடும். அந்த நிபந்தனையை ஃபார்முலாவுக்கு முன்னால் எழுதுங்கள், பின்னால் வேண்டாம். அனுபவசாலிகளும் ஃபார்முலாவைக் கண்டதும் நகல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.