காலண்டரில் காலியாக இருந்தும் அப்பாயின்ட்மென்ட் மோதுவது ஏன்?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே ஒரு பல் கிளினிக்குக்கும் ஒரு சலூனுக்கும் போன் எடுத்து அப்பாயின்ட்மென்ட் போடும் வேலை செய்கிறேன். காலண்டரில் காலியாக இருக்கிற நேரத்தில்தான் போடுகிறேன். ஆனாலும் ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்பதும், வந்தவர்கள் அரை மணி நேரம் காத்திருப்பதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டு இடத்திலும் என்னைத்தான் கேட்கிறார்கள். எங்கே தப்பு நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கடைசியாக நடந்த ஐந்தாறு மோதல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு பதிவுகளும் எப்போது உருவாயின, யார் போட்டது என்று பாருங்கள். பல புக்கிங் மென்பொருள்களில் பதிவைத் திறந்தாலே இந்த வரலாறு தெரியும். தெரியாவிட்டால், வாடிக்கையாளருக்கு உறுதிச் செய்தி போன நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இரண்டு பதிவுகளும் சில நிமிட இடைவெளியில் உருவாகியிருந்தால், நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தபோதே இன்னொருவர் அந்த இடத்தை எடுத்திருக்கிறார். ஒன்று பல மணி நேரம் முன்பே உருவாகியும் உங்கள் திரையில் தெரியவில்லை என்றால், காலண்டர்கள் ஒன்றோடொன்று சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. காலண்டரில் எந்த மோதலும் இல்லை, ஆனாலும் ஆட்கள் காத்திருந்தார்கள் என்றால், ஒவ்வொரு வேலைக்கும் ஒதுக்கிய நேரமே தவறு. என் அனுபவத்தில் இந்த மூன்றாவதுதான் அதிகம். ரிசப்ஷனில் இருப்பவர் மேல் பழி விழுவதும் இதில்தான் அதிகம்.

முதல் இரண்டையும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். போனில் பேசும்போது மோதல் வருகிறது என்றால், ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும். அழைத்தவர் "செவ்வாய் காலை இருக்கா?" என்று கேட்டதும், பெயர், எண், காரணம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டுப் பதிவு போடாதீர்கள். முதலில் இடத்தைப் பிடித்து வையுங்கள். "ஹோல்டு" என்று மட்டும் எழுதி அந்த நேரத்தில் ஒரு பதிவு போட்டுச் சேமியுங்கள், அப்புறம் மற்ற விவரங்களைக் கேளுங்கள். கூகுள் காலண்டர் போன்ற பொதுவான காலண்டர்கள், ஒரே நேரத்தில் இரண்டு பதிவு விழுந்தாலும் தடுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிட்டுப் போகும். அதனால் மென்பொருள் எச்சரிக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

காலண்டர்கள் பேசிக்கொள்ளாததுதான் பிரச்சினை என்றால், அவை எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். ஒரு காலண்டரின் லிங்கை எடுத்து இன்னொன்றில் சேர்த்திருந்தால் அது உடனுக்குடன் புதுப்பிக்கப்படாது; மாற்றம் தெரியப் பல மணி நேரம் ஆகலாம். டாக்டர் தன் மொபைல் காலண்டரில் "வெளியே போகிறேன்" என்று குறித்தது மாலைவரை உங்களுக்குத் தெரியாமல் போவது இதனால்தான். இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு தேடுவதைவிட, எல்லோரும் நேரடியாக ஒரே காலண்டரில் எழுத வேண்டும் என்று உரிமையாளரிடம் கேட்டு வாங்குவது நல்லது. மேஜையில் இருக்கும் நோட்டுப் புத்தகமும் இன்னொரு காலண்டர்தான். நேரில் வந்து கேட்பவருக்கு நோட்டில் எழுதிக் கொடுக்கிற பழக்கம் அங்கே இருக்கிறதா என்று மறக்காமல் விசாரியுங்கள்.

சரி, இப்போது நேரக் கணக்குக்கு வருவோம்.

சலூனில் இருந்து ஒரு உதாரணம். வேர்ப்பகுதிக்கு மட்டும் கலர் போடும் வேலை. பூச 40 நிமிடம், கலர் பிடிக்கக் காத்திருக்க 35 நிமிடம், கழுவி உலர்த்த 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். காலண்டரில் இது 10:00 முதல் 12:00 வரை ஒரே கட்டமாக இருக்கிறது. "கலர் பிடிக்கிற நேரத்தில் நான் சும்மாதான் இருப்பேன், நடுவில் ஒருத்தரைப் போடலாம்" என்று ஸ்டைலிஸ்ட் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் 10:45க்கு ஒரு ஹேர்கட் போடுகிறீர்கள். அது 45 நிமிட வேலை.

முதல் வாடிக்கையாளரின் தலையில் இருக்கும் கலரை 11:15க்குக் கழுவ வேண்டும். ஹேர்கட் முடிவதோ 11:30க்கு. கலர் 15 நிமிடம் கூடுதலாகத் தலையில் நிற்கிறது. நிறம் எதிர்பார்த்ததைவிட அடர்ந்து போகலாம், தோலில் எரிச்சலும் வரலாம். இல்லையென்றால் ஹேர்கட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டைலிஸ்ட் எழுந்து போக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒருவர் கோபப்படுவார். கழுவி உலர்த்தி முடிக்க 12:10 ஆகிவிடும், 12 மணிக்கு வந்தவரும் காத்திருப்பார். ஸ்டைலிஸ்ட் சொன்னது பொய்யில்லை, இடைவெளி உண்மையாகவே இருந்தது. அது எவ்வளவு நீளம் என்பதுதான் காலண்டரில் எங்கும் எழுதப்படவில்லை.

இந்த ஒரே கட்டத்தைத் துண்டுகளாக்குங்கள்: 10:00 முதல் 10:40 வரை பூசுதல், 11:15 முதல் 11:55 வரை கழுவி உலர்த்தல். நடுவில் இருக்கும் 35 நிமிடத்தில், முன்னும் பின்னும் ஐந்தைந்து நிமிடம் விட்டால் 25 நிமிடம்தான் மிஞ்சும். 25 நிமிடத்துக்குள் முடியும் வேலையை மட்டுமே அங்கே போடலாம். முன்முடி சீர்செய்வது போகும், முழு ஹேர்கட் போகாது. சலூன்களுக்கென்றே உள்ள பல மென்பொருள்களில் ஒரு சேவைக்குள் காத்திருப்பு நேரத்தைத் தனியாகக் குறிக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் ஆன்லைனில் தாமாகப் பதிவு செய்கிறவர்களும் இதே வரம்புக்குள் வந்துவிடுவார்கள். தலை கழுவும் பேசின் ஒன்றுதான் என்றால் அதையும் ஒரு ஆளைப் போலக் காலண்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஸ்டைலிஸ்டுகளுக்கும் 11:15க்கு பேசின் தேவைப்பட்டால், அது உங்கள் திரையில் முன்கூட்டியே தெரியும்.

பல் கிளினிக்கில் விஷயம் வேறு. அங்கே டாக்டரின் நேரம் ஒன்று, நாற்காலியின் நேரம் இன்னொன்று. ரூட் கெனாலுக்கு ஒரு மணி நேரம் என்று டாக்டர் சொல்லியிருப்பார். மரத்துப்போகும் ஊசி வேலை செய்யக் காத்திருப்பதையும் சேர்த்து அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் நோயாளி எழுந்த பிறகு நாற்காலியைச் சுத்தம் செய்து, கிருமி நீக்கிய கருவிகளை எடுத்து வைக்க 15 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். ஒரே நாற்காலி உள்ள இடத்தில் 10, 11, 12, 1 மணி என்று நான்கு பேரைப் போட்டால், இரண்டாமவர் 11:15க்கும், மூன்றாமவர் 12:30க்கும், நான்காமவர் 1:45க்கும்தான் உட்காருவார்கள். யாரும் தாமதமாக வரவில்லை, எந்தச் சிகிச்சையும் நீளவில்லை. ஆனாலும் நான்காமவர் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்.

எனவே கிளினிக்கிலிருந்து ஒரு வாரத்துக்கு இரண்டு விவரங்களை மட்டும் கேளுங்கள்: நோயாளி நாற்காலியில் உட்கார்ந்த நேரம், அடுத்தவர் உட்காரத் தயாரான நேரம். உதவியாளர் ஒரு தாளில் குறித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் போதும். பெயர் வேண்டாம், சிகிச்சையின் வகை மட்டும் போதும். நோயாளியின் விவரம் வாட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது. அந்தக் கணக்கிலிருந்து சராசரியை எடுக்காதீர்கள். சராசரியை வைத்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நேரம் போதாமல் போகும். ஐந்தில் நான்கு முறை எவ்வளவு நேரத்துக்குள் முடிந்ததோ, அதைக் கட்டத்தின் நீளமாக வையுங்கள். மீதி ஒரு முறைக்காக மதிய இடைவேளைக்கு முன் கால் மணி நேரம் காலியாக விடுங்கள். சேர்ந்த தாமதத்தை அது ஓரளவு விழுங்கிவிடும்.

வலியோடு அவசரமாக அழைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கலைப்பார்கள். அவர்களுக்கென்று காலையில் ஒன்று, மாலையில் ஒன்று இடம் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குள் யாரும் அழைக்காவிட்டால் அதைப் பொதுவாகத் திறந்துவிடலாம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். எது அவசரம் என்று நீங்கள் தீர்மானிக்கக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த கேள்விகளை அப்படியே கேட்டு, அவர் சொன்ன வழியில் அனுப்புங்கள். முகம் வீங்கி மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் காலண்டரைத் திறக்கவே வேண்டாம். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லிவிட்டு டாக்டருக்குத் தகவல் கொடுங்கள். இதில் மட்டும் நான் எந்த விட்டுக்கொடுத்தலையும் ஏற்க மாட்டேன்.

நேரத்தை மாற்றிக் கேட்பவர்களாலும் மோதல் போலத் தோன்றும் ஒன்று வரும். பழைய பதிவை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போட்டால், பழைய நேரத்துக்கும் நினைவூட்டல் போகும். அவர் இரண்டில் எதை நம்புவார் என்று சொல்ல முடியாது. பழைய பதிவையே புதிய நேரத்துக்கு நகர்த்துங்கள். போனை வைக்கும் முன் கிழமை, தேதி, நேரம், யாரிடம் என்று நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிழமையைச் சொல்வது முக்கியம். "வியாழன், 14ஆம் தேதி" என்று நீங்கள் சொல்லும்போது, மனத்தில் புதனை வைத்திருப்பவர் உடனே குறுக்கிடுவார். வெறும் "14" என்றால் சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

நீங்கள் வேறு நாட்டிலிருந்து இந்த வேலையைச் செய்தால், காலண்டரின் முதன்மை நேர மண்டலம் கிளினிக் இருக்கும் ஊருடையதாக இருக்கட்டும், உங்கள் நேரம் பக்கத்தில் இரண்டாவதாகத் தெரியட்டும். அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறும், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். மனக்கணக்கில் நேரத்தை மாற்றிப் பழகியவர்கள் அந்த வாரத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

உரிமையாளரிடம் பேசும்போது "என் தப்பு இல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஐந்தாறு மோதல்களையும், ஒவ்வொன்றும் எந்த வகை என்பதையும் எழுதிக் காட்டுங்கள். ரூட் கெனாலை 60 நிமிடத்திலிருந்து 75 ஆக்கினால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பேர் குறைவார்களே என்று டாக்டர் தயங்குவார். அப்போது, மதியம்வரை போட்ட நான்கில் கடைசி ஆள் இப்போதும் 1:45க்குத்தான் உட்காருகிறார், எண்ணிக்கை ஏற்கெனவே அவ்வளவுதான் என்பதைக் காட்டுங்கள். சலூனில் சேவைகளைத் துண்டுகளாக்க மறுத்தால், கலர் வேலைகளுக்கு மட்டும் ஆன்லைன் பதிவை நிறுத்தி உங்கள் போன் வழியாகவே வரட்டும் என்று கேளுங்கள். ஹேர்கட் போன்ற நேரான, இடைவெளி இல்லாத வேலைகள் ஆன்லைனில் தொடரலாம்.