கிண்ணமும் தீவும் ஒரே சார்ட்டில் வந்தால்

கேள்வி: நான் பணம் கட்டிச் சேர்ந்திருக்கும் டிப்ஸ் குழுவில் ஒரு பங்கின் சார்ட் வந்தது. விலை 150இலிருந்து எட்டு மாதமாக இறங்கி 100ஐத் தொட்டு, இப்போது 128இல் நிற்கிறது. ‘ரவுண்டிங் பாட்டம், அதன் அடியில் ஐலேண்ட் ரிவர்சல், இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம், உறுதியாகிவிட்டது, இன்றே வாங்குங்கள்’ என்கிறார்கள். அடியில் விலை 108இலிருந்து 104க்குக் குதித்து இறங்கி, சில நாள் அங்கேயே நின்று, பிறகு 107க்குக் குதித்து ஏறியிருப்பது எனக்கும் தெரிகிறது. நம்பலாமா?

பதில்: அபூர்வம் என்பது பாதி உண்மை. உறுதியாகிவிட்டது என்பது உண்மையே இல்லை. வார முடிவு விலை ஒருமுறையாவது 150க்கு மேல் நிற்காத பங்கில் ரவுண்டிங் பாட்டம் உறுதியாகிவிட்டது என்று எவர் சொன்னாலும், அவர் உங்களிடம் எதையோ விற்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அபூர்வத்தைப் பார்ப்போம். நாள்தோறும் ஏராளமாகக் கைமாறும் பங்கில் ரவுண்டிங் பாட்டம் என்னும் முழுமையான கிண்ண வடிவம் அரிதாகத்தான் வரும். காலாண்டு முடிவு, செய்தி, வட்டி விகித அறிவிப்பு என்று ஏதாவது ஒன்று வந்து விலையை உலுக்கிக்கொண்டே இருக்கும். மெதுவாக இறங்கி, அடியில் உறங்கி, மெதுவாக ஏறும் பொறுமை அத்தகைய பங்குகளுக்கு இருப்பதில்லை. ஐலேண்ட் ரிவர்சல் என்னும் தீவும் அப்படித்தான். நடுவில் உள்ள விலைகளில் எதுவும் கைமாறாமல் விலை குதிக்கும் கேப் ஒன்று வருவது சாதாரணம். ஒரு கேப்பில் இறங்கி, சில நாள் கழித்து ஏறக்குறைய அதே விலை மட்டத்தில் இன்னொரு கேப்பில் திரும்பி ஏறுவது அரிது.

ஆனால் வாங்குவோரும் விற்போரும் குறைவாக உள்ள சின்னப் பங்குகளின் சார்ட்டைத் திறந்து பாருங்கள். இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். யாரும் தொடாததால் விலை மாதக்கணக்கில் அடியில் வளைந்து கிடக்கும், அது கிண்ணம் போலத் தெரியும். நேற்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் நடுவில் ஆளே இல்லாததால் கேப் விழும், அது தீவு போலத் தெரியும். ஆக, இரண்டும் ஒரே சார்ட்டில் வந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், இந்தப் பங்கில் ஒரு நாளைக்கு எவ்வளவுதான் கைமாறுகிறது என்பதே. தினசரி சார்ட்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று கேப் இருந்தால் தீவு என்ற பேச்சையே விட்டுவிடலாம்.

இன்னொன்று. கிண்ணமும் தீவும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல முடியாது. கிண்ணம் என்பது விற்பவர்கள் மாதக்கணக்கில் சலித்து ஓய்ந்துபோவது. அதன் அடியில் வால்யூம், அதாவது கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை, வற்றியிருக்க வேண்டும். தீவு என்பது சில நாட்களில் நடக்கும் பீதியும் அந்தப் பீதி தலைகீழாகத் திரும்புவதும். அங்கே பெரும்பாலும் வால்யூம் எகிறும். தீவு சொல்வது, அதற்கு முன் நடந்த கடைசிச் சின்ன இறக்கம் முடிந்தது என்பதை மட்டுமே. எட்டு மாத இறக்கம் முடிந்ததா என்பதைச் சொல்லும் தகுதி அதற்கு இல்லை.

சரி, தீவை எப்படிச் சோதிப்பது? காலைத் தொடக்க விலை நேற்றைய முடிவிலிருந்து தள்ளி இருந்தாலே கேப் என்று எழுதுகிறார்கள். தீவுக்கு அது போதாது. இறங்கும்போது, முந்தைய நாளின் குறைந்தபட்ச விலைக்கும் அடுத்த நாளின் அதிகபட்ச விலைக்கும் நடுவே வெற்றிடம் வேண்டும். உங்கள் பங்கில் முந்தைய நாளின் குறைந்தபட்சம் 108, அடுத்த நாளின் அதிகபட்சம் 104 என்று வைத்துக்கொள்வோம். இடது வெற்றிடம் 104 முதல் 108 வரை. தீவு நாட்களில் ஒருநாள்கூட விலை 104ஐத் தாண்டியிருக்கக் கூடாது. கடைசித் தீவு நாளின் அதிகபட்சம் 103, மறுநாளின் குறைந்தபட்சம் 107 என்றால், வலது வெற்றிடம் 103 முதல் 107 வரை. இரண்டுக்கும் பொதுவாக 104 முதல் 107 வரை யாரும் வாங்கி விற்காத ஒரு பட்டை இருக்கிறது. அந்தப் பொதுப் பட்டை இருந்தால்தான் அது தீவு. அதன் பிறகும், வரும் நாட்களில் விலை அந்தப் பட்டைக்குள் இறங்கி 104க்குக் கீழே முடியாமல் இருக்க வேண்டும். முடிந்தால் கேப் நிரம்பிவிட்டது, தீவும் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் சரியாக வந்தும் தீவு பொய்யாக இருக்கும் ஒரு நிலை உண்டு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது டிவிடெண்ட். வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காது என்று ஆகும் எக்ஸ் டிவிடெண்ட் தேதியன்று பங்கின் விலை ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்குக் கீழே இறங்கித்தான் தொடங்கும். அதில் பயமும் இல்லை, விற்பனை வேகமும் இல்லை. நிறுவனத்திடமிருந்து பணம் பங்குதாரருக்குப் போகப்போகிறது, அவ்வளவுதான். உங்கள் பங்கு முந்தைய நாள் 110இல் முடிந்தது, குறைந்தபட்சம் 108, மறுநாள் பங்குக்கு 5.50 டிவிடெண்ட் கழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 110இல் 5.50 போனால் 104.50. சந்தையில் யாரும் இமைகூடக் கொட்டாமலேயே விலை 104 பக்கம் தொடங்கும், இடது பக்கத்தில் அழகான கேப் விழும். சில நாள் கழித்து ஏதோ நல்ல செய்தியில் விலை கேப்போடு 107க்கு ஏறினால், பாடப் படம் போலத் தீவு தயார்.

இதே சார்ட்டை டிவிடெண்டுக்குச் சரிக்கட்டிப் பாருங்கள். 104.50ஐ 110ஆல் வகுத்தால் 0.95. எக்ஸ் தேதிக்கு முந்தைய விலைகள் எல்லாவற்றையும் 0.95ஆல் பெருக்க வேண்டும். 108 என்ற பழைய குறைந்தபட்சம் 102.60 ஆகிவிடும். மறுநாளின் அதிகபட்சம் 104. 102.60க்கும் 104க்கும் நடுவில் வெற்றிடம் ஏது? இரண்டு நாளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இடது கேப் காணாமல் போனது, தீவும் போனது. மிஞ்சியது வலது பக்கத்துச் சாதாரணக் கேப் ஒன்று. உச்சியில் வரும் தீவிலும் இதே கூத்து நடக்கும்; அங்கே டிவிடெண்ட் வலது பக்கத்துக் கேப்பை உண்டாக்கி, நல்ல பங்கை வைத்திருப்பவரைப் பயந்து விற்க வைக்கும்.

அதனால் அந்த இடது கேப் விழுந்த தேதியை எடுத்துக்கொண்டு, பங்குச் சந்தையின் தளத்தில் அந்த நிறுவனத்தின் எக்ஸ் தேதிகளோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இதை நீங்கள் செய்ய வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சல். காட்டும் விலை சரிக்கட்டியதா இல்லையா என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சார்ட் செயலிகளுக்கு மனம் வருவதில்லை, ஏதோ ஓர் அமைப்புப் பக்கத்தின் மூலையில் ஒளித்து வைக்கிறார்கள். போதாததற்கு, வடிவங்களைத் தானாகக் கண்டுபிடித்துக் கொட்டை எழுத்தில் பெயர் ஒட்டும் வசதி வேறு. வால்யூமைக்கூடப் பார்க்காமல் ஒட்டிய பெயரை டிப்ஸ்காரர் படம் பிடித்து அனுப்புகிறார்.

இனி கிண்ணம். இதை வாராந்திர சார்ட்டில் பாருங்கள். தினசரி சார்ட்டை அகலவாட்டில் நசுக்கினால் எந்தப் பங்கும் வளைவாகத்தான் தெரியும். விலையின் கீழே உள்ள வால்யூம் பட்டைகளும் ஏறக்குறைய அதே வளைவைக் காட்ட வேண்டும்: இடது பக்கம் உயரம், அடியில் குட்டை, வலது பக்கம் வாரத்துக்கு வாரம் மெல்ல உயர்வது. வலது பக்கத்து ஏற்றத்தில் வால்யூம் உயரவே இல்லையென்றால், விற்க ஆள் இல்லாததால் விலை ஏறுகிறதே தவிர வாங்க ஆள் வந்துவிட்டதாக அர்த்தமில்லை.

உறுதி கிடைக்கும் இடம் கிண்ணத்தின் விளிம்பு, அதாவது 150. அங்கே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் எட்டு மாதத்துக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள்; போட்ட பணம் வந்தால் போதும் என்று விற்பார்கள். அந்த விற்பனையை விழுங்கிவிட்டு வாராந்திர முடிவு விலை 150க்கு மேலே, முந்தைய வாரங்களின் சராசரியைவிடத் தெளிவாகக் கூடிய வால்யூமோடு நின்றால்தான் பிரேக்அவுட். வாரத்தின் நடுவில் 153ஐத் தொட்டு 148இல் முடிந்தால் அது கணக்கில் வராது. விளிம்புக்குப் பக்கத்தில் வந்து சில வாரம் தயங்குவதும், தாண்டிய பிறகு ஒருமுறை 150ஐ வந்து தொட்டுப் பார்ப்பதும் வழக்கம்தான். அதற்காகப் பதற வேண்டாம்.

128இல் வாங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுவோம். அடி 100 என்பதால், நஷ்டத்தோடு விற்று வெளியேறும் விலையான ஸ்டாப் லாஸை 98இல் வைக்க வேண்டும். தவறினால் நஷ்டம் 30. தடை இருக்கும் 150 வரைக்கும் லாபம் 22. விளிம்பைத் தாண்டிய பின் 152இல் வாங்கி 140இல் ஸ்டாப் லாஸ் வைத்தால் நஷ்டம் 12. கிண்ணத்தின் ஆழம் 50, அதை விளிம்போடு கூட்டினால் டார்கெட் 200, லாபம் 48. டார்கெட் வந்தே தீரும் என்று யாரும் எழுதித் தர முடியாது. பாதி தூரம் போய் 175இல் நின்றாலும் இந்த வழியில் கணக்கு இடிக்காது. 24 விலை கூடுதலாகக் கொடுத்து வாங்குவது முட்டாள்தனமாகத் தோன்றலாம். அந்தத் தோற்றத்தை வைத்துத்தான் ‘இன்றே’ என்ற சொல்லை விற்கிறார்கள்.

குறைவாகக் கைமாறும் பங்காக இருந்தால் பிரேக்அவுட் நாளின் வால்யூமையும் அப்படியே நம்பாதீர்கள். குழுவில் சில ஆயிரம் பேர் இருந்து, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ‘வாங்கு’ என்று செய்தி போனால், எகிறிய அந்தப் பட்டை உங்கள் குழுவின் பணம்தான். அனுப்பியவர் முன்பே 105இல் வாங்கி வைத்திருந்தால், உங்களுக்கு விற்பவரும் அவராக இருக்கலாம். அடையாளம் எளிது: ஒரே நாள் வானுயரப் பட்டை, அடுத்த வாரம் பழையபடி வறட்சி. கண்காணிக்க வேண்டியவர்களின் எச்சரிக்கை வழக்கமாக எல்லோரும் மாட்டிய பிறகுதான் வரும், அதற்குள் குழு பெயரை மாற்றியிருக்கும்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். 150க்கு ஓர் அலர்ட் வைத்துவிட்டு, வாரக் கடைசியில் முடிவு விலையை மட்டும் பாருங்கள். அப்புறம், உங்களுக்கு வந்த படத்தில் கீழ்ப்பகுதி வெட்டப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை கவனியுங்கள். வால்யூம் பட்டைகள் இருக்கும் இடம் அது.