கோலாவை விடுங்கள், மணிக்கட்டைப் பாருங்கள்

"வயது 56, எடை 48 கிலோ. தினமும் மதியம் ஒரு டின் கோலா குடிப்பேன். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் எலும்பைக் கரைத்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. முட்டியில் சொடக்குச் சத்தம் வேறு. நானே 600 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை வாங்கி நாளைக்கு மூன்று போடுகிறேன். மார்ச்சில் குளியலறையில் வழுக்கி, கையூன்றி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தாகிவிட்டது. கோலா என் எலும்பை அரித்துவிட்டதா?" – வாசகி, ஈசூன்

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது மணிக்கட்டுதான். ஐம்பது வயதுக்கு மேல், நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், அது எலும்பு மெலிந்திருக்கலாம் என்பதற்கான அடையாளம். கட்டுப் பிரித்ததோடு விஷயம் முடியவில்லை.

வலியோ வீக்கமோ இல்லாத சொடக்குச் சத்தத்தை மறந்துவிடுங்கள்.

சரி, கோலா. வீடியோவில் பல்லைக் கோலாவில் ஊறப்போட்டுக் காட்டியிருப்பார்கள். பல்லின் மேற்பூச்சுக்கு அது கெடுதல்தான். ஆனால் எலும்பு கோலாவில் ஊறுவதில்லை. உங்கள் வயிற்றில் சுரக்கும் அமிலமே அதைவிடக் கடுமையானது. அந்தப் பாஸ்பாரிக் அமிலத்திலிருந்து ஒரு டின் கோலாவில் கிடைக்கும் பாஸ்பரஸ் சுமார் 40 மில்லிகிராம்தான். ஒரு டம்ளர் பாலில் 200க்கு மேல் இருக்கிறது. பாஸ்பரஸ்தான் எலும்பைக் கரைக்கிறது என்றால், பால் குடிப்பவர்கள் யாருக்கும் எலும்பு மிஞ்சியிருக்காது.

அதற்காகக் கோலாவுக்கு நற்சான்றிதழ் தரவில்லை. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமில் 2,500க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். தினமும் கோலா குடித்த பெண்களுக்கு, அரிதாகக் குடித்தவர்களைவிட இடுப்பெலும்பின் கழுத்துப் பகுதியில் அடர்த்தி சுமார் 3.7 சதவீதம் குறைவு. முதுகெலும்பில் வித்தியாசமில்லை, ஆண்களிடமும் இல்லை, மற்ற சோடாக்களிலும் இல்லை. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை அல்ல. அதற்கு முன், 2001இல், சிறுநீரில் வெளியேறும் கால்சியத்தை அளந்து பார்த்த ஆய்வில், காஃபின் உள்ள பானங்களில்தான் சிறு இழப்பு தெரிந்தது. பாஸ்பாரிக் அமிலம் மட்டும் இருந்த பானத்தில் தெரியவில்லை. பாலின் இடத்தைக் கோலா பிடித்துக்கொள்வதே பெரிய இழப்பு என்றார்கள் அந்த ஆய்வாளர்கள். அதனால் என் கேள்வி, மதியம் அந்த டின் வருவதற்கு முன் என்ன குடித்தீர்கள்? மோர் என்றால், மோருக்கே திரும்புங்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். யாரைக் கேட்டு மூன்று போடுகிறீர்கள்? உங்கள் வயதில் சாப்பாட்டையும் சேர்த்து நாளைக்குத் தேவை சுமார் 1000 மில்லிகிராம். நீங்கள் மாத்திரையிலேயே 1800 எடுக்கிறீர்கள். சிறுநீரகக் கல்லுக்கு நீங்களே வழி செய்கிறீர்கள். டாக்டரைப் பார்க்கும்வரை நிறுத்துங்கள். தயிர், தோஃபு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி போதும்.

ஆசியப் பெண்களுக்கு நாங்கள் போடும் எளிய கணக்கு ஒன்று உண்டு: வயதிலிருந்து எடையைக் கழிப்பது. 20ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம், பூஜ்யத்துக்குக் கீழே போனால் குறைவு. உங்களுக்கு 8, நடுத்தரம். ஆனால் ஏற்கெனவே முறிந்த எலும்பு அந்தக் கணக்கைவிடப் பெரியது. இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போய், விழுந்த கதையைச் சொல்லி, எலும்பு அடர்த்தி ஸ்கேன் கேளுங்கள். படுத்திருந்தால் போதும், கால் மணி நேர வேலை. மாதவிடாய் எந்த வயதில் நின்றது, உயரம் குறைந்திருக்கிறதா, ஸ்டீராய்டு மருந்து ஏதும் சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள். மணிக்கட்டு எக்ஸ்ரேயையும் அந்த மாத்திரை டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.