மாரி தோறும் திரும்பி வரும் காதுக் கடி

கேள்வி: எனக்கு வயது 38. வாழைச்சேனை. மழை தொடங்கினா என்ட வலது காது கடிக்கத் தொடங்கும். இரவில தாங்க ஏலாது. கொட்டன் பட்ஸ் போட்டு எடுத்தா நனைஞ்ச பேப்பர் மாதிரி வெள்ளையா, அதில கறுப்புப் புள்ளியோட வருது. காதும் அடைச்சுப் போய் இருக்கு. பாமசியில தந்த துளி மருந்து விட்டா நாலு நாள் சுகம், பிறகு முந்தியதை விடக் கூடுது. அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி விடச் சொல்றா. மூணு வருசமா இதே கதைதான். ஏன் திரும்பத் திரும்ப வருது? முழுசா மாறுமா?

பதில்: மாறும். ஆனால் இதுவரை நீங்கள் விட்ட மருந்தால் மாறாது. அது இந்த வருத்தத்துக்குரிய மருந்தே இல்லை என்றுதான் தெரிகிறது.

நனைந்த கடதாசி போன்ற வெள்ளைப் படையும் அதன் மேல் கறுப்புப் புள்ளிகளும் காதுத் துவாரத்தில் பங்கசு வளர்ந்திருப்பதன் அடையாளம். பெரும்பாலும் அது அஸ்பெர்ஜிலஸ் நைஜர் என்ற வகை. பழைய பாணில் பூக்கும் பூஞ்சணத்தின் உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். கறுப்பாகத் தெரிபவை அதன் வித்திகள் நிறைந்த தலைகள். வெள்ளைப் படை என்பது உரிந்த தோலும் பங்கசு இழைகளும் ஈரத்தில் ஊறிச் சேர்ந்தது. கறுப்பே இல்லாமல் தயிர்க்கட்டி போல வெள்ளையாக மட்டும் வந்தால் பெரும்பாலும் கண்டிடா என்ற இன்னொரு வகையாக இருக்கும். இரண்டுக்கும் சிகிச்சை ஏறத்தாழ ஒன்றுதான். டொக்டர் காதுக்குள் ஒளி விட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும், பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டி வருவது குறைவு.

பாமசியில் தந்த மருந்தின் பெட்டியை எடுத்துப் பாருங்கள். சிப்ரோபுளொக்சசின் போன்ற ஒரு அன்ரிபயோட்டிக்கும், கூடவே டெக்சாமெத்தசோன் போன்ற ஒரு ஸ்டீரோயிட்டும் எழுதியிருந்தால் உங்கள் நாலு நாள் சுகத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஸ்டீரோயிட் வீக்கத்தையும் கடியையும் அடக்கும், அதனால் குணமாகிற மாதிரி இருக்கும். அன்ரிபயோட்டிக் பங்கசை ஒன்றும் செய்யாது. அது கொல்வது பக்ரீரியாவைத்தான், காதில் வழக்கமாக இருந்து பங்கசுக்கு இடம் கொடுக்காமல் வைத்திருக்கும் நல்ல பக்ரீரியாவும் அதில் சேர்த்தி. போட்டியும் போய், அந்த இடத்தின் எதிர்ப்பும் தணிந்து, துளி மருந்தின் ஈரமும் சேர்ந்தால் பங்கசு முன்னையதை விட நன்றாக வளரும். கடி கூடித் திரும்புவது அதனால்தான்.

இனி மழைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு. காதுத் துவாரம் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் நீளமான, ஒரு பக்கம் செவிப்பறையால் மூடிய குழாய். உள்ளே எப்போதும் சூடு. குறும்பி ஊறுவது வெளிப்பக்கத்து மூன்றிலொரு பங்கில் மட்டும்தான். உள்ளே உள்ள தோல் மெல்லியது, எலும்போடு ஒட்டியது, தனக்கென்று எண்ணெய்ப் பசை இல்லாதது. குறும்பியை அழுக்கென்று நினைக்கிறோம். உண்மையில் அது தண்ணீரை ஒட்டவிடாத, இலேசான புளிப்புத் தன்மையுள்ள ஒரு பூச்சு. அது இருக்கும் இடத்தில் பங்கசு எளிதில் பிடிக்காது. அத்தோடு காதுத் தோல் உள்ளிருந்து வெளியே மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், பழைய தோலும் குறும்பியும் தானாகவே வெளியே வந்துவிடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளித்த தண்ணீர் காதுக்குள் போனாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஐப்பசி முதல் தை வரை அப்படியில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, மேலே மழை, உடுப்பே இரண்டு நாளாகியும் காயாத காலம் அது. காதுக்குள் போன தண்ணீர் மட்டும் எப்படிக் காயும்? தோல் ஊறிப் பருக்கிறது, குறும்பி கரைந்து போகிறது, புளிப்புத் தன்மை குறைகிறது. ஊறிய தோல் கடிக்கும். கடித்தால் கொட்டன் பட்ஸ். அது மிச்சமிருக்கும் குறும்பியை வழித்தெடுக்கும், மெல்லிய தோலில் கீறல் போடும், உரிந்த தோலில் பாதியைச் செவிப்பறைப் பக்கம் தள்ளிவிடும். காற்றில் எங்கும் இருக்கிற பங்கசு வித்திக்கு இவ்வளவும் போதும்.

உள்ளே தள்ளப்பட்ட அந்த அழுக்குத்தான் வருத்தம் திரும்பி வருவதற்கான பெரிய காரணம். செவிப்பறை காதுக்குள் நேராக நிற்பதில்லை, சரிந்து நிற்கிறது. அதனால் கீழ் முன்பக்கத்தில், துவாரமும் பறையும் சேரும் இடத்தில், ஒரு சின்னப் பள்ளம் உண்டு. வளைவுக்கு அப்பால் இருப்பதால் மேலோட்டமாகப் பார்க்கும்போது தெரியாது. வெளியில் எல்லாம் சுத்தமாகி, கடியும் நின்ற பிறகும், அந்தப் பள்ளத்தில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தால் அடுத்த ஈரத்தில் அங்கிருந்தே மறுபடி தொடங்கும்.

ஆகவே சிகிச்சையின் முதல் படி மருந்தல்ல, சுத்தம் செய்வது. பங்கசு எதிர்ப்பு மருந்து அது தொடும் இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும். படையின் மேல் விட்ட மருந்து படையில் ஊறி நின்றுவிடும், தோலைச் சேராது. நல்ல மருந்தை இரண்டு கிழமை விட்டும் பலனில்லை என்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். காது மூக்கு தொண்டை கிளினிக்கில் நுணுக்குக்காட்டியால் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். சத்தம் பெரிதாகக் கேட்கும், சிலருக்குச் சற்று நேரம் தலை சுற்றும். பெரிய வலி இருக்காது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம் என்று சொல்லுங்கள். நனைந்த இடத்தை இன்னும் நனைப்பது அது. பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் நடுக்காதுக்கும் போய்விடும். முதற்தரம் எல்லாம் வராது, நாலைந்து நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் இன்னொரு தரம் சுத்தம் செய்ய வேண்டி வரும். அந்த இரண்டாவது நாளைத் தவறவிடாதீர்கள்.

அதன் பிறகுதான் துளி மருந்து. வழக்கமாகத் தருவது 1 வீத குளோட்ரிமசோல், நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தரம். போத்தலைக் கொஞ்ச நேரம் கைக்குள் பொத்தி வையுங்கள், குளிர்ந்த மருந்து விட்டால் தலை சுற்றும். மற்றக் காது கீழே இருக்கும்படி சரிந்து படுத்து, காதை மேலும் பின்னும் இலேசாக இழுத்து, மூன்று நாலு துளி விடுங்கள். துவாரத்துக்கு முன்னால் உள்ள சின்ன மேட்டைச் சில தரம் மெல்ல அமர்த்தினால் மருந்து உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் அப்படியே கிடவுங்கள். எழும்பும்போது வெளியே வழிவதைத் துடையுங்கள், பஞ்சு வைத்து அடைக்க வேண்டாம்.

பெரும்பாலானோர் தவறுவது நாட்கணக்கில்தான். கடி மூன்று நாலு நாளில் நின்றுவிடும், போத்தலும் அன்றே அலுமாரிக்குப் போய்விடும். தொற்று மாறிய பிறகும் குறைந்தது 14 நாள் குளோட்ரிமசோலை விடவேண்டும். இழை அழிந்தாலும் வித்தி அவ்வளவு இலேசில் அழியாது, பிந்தி முளைப்பதையும் பிடிக்கத்தான் அந்த நாட்கள். குளிசை பெரும்பாலும் தேவைப்படாது.

அந்த நாட்கள் முழுக்கக் காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது. தலை முழுகும்போது பஞ்சு உருண்டையின் வெளிப்பக்கத்தில் வாஸ்லின் பூசி துவார வாயிலில் வையுங்கள், முழுகியதும் எடுத்துவிடுங்கள். கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றும்போதும் அப்படியே. வாவியிலும் கடலிலும் முழுக வேண்டாம். ஈரத் தலையோடு ஹெல்மெட் போடுவதும், ஈர முடியின் மேல் முக்காடு இறுக்கிக் கட்டுவதும், காதுக்குள் செருகும் இயர்போனும் உள்ளே ஈரத்தைப் பூட்டி வைக்கும்.

அம்மா சொன்ன நல்லெண்ணெய் வேண்டாம், அக்கறையோடு சொன்னதுதான் என்றாலும். எண்ணெய் பங்கசைக் கொல்லாது. படையை ஊறவைத்து ஒட்டிப் பிடிக்கும், மருந்து தோலைச் சேரவும் தடையாக இருக்கும். காய்ச்சிய சூடு அளவு தவறினால் பறையும் வெந்துவிடும். வெங்காயச் சாறு, உள்ளி எண்ணெய் எல்லாம் இதே கணக்குத்தான்.

காது முழுதாகச் சுகமாகி, செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று டொக்டர் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகு, அடுத்த மாரிக்கு ஒரு காப்பு உண்டு. வெள்ளை வினாகிரியும் ஸ்பிரிட்டும் சம அளவு கலந்து, தலை முழுகிய பின் இரண்டு மூன்று துளி விட்டு, காதைக் கவிழ்த்து வடியவிடலாம். ஸ்பிரிட் ஈரத்தைக் காயவைக்கும், வினாகிரி புளிப்புத் தன்மையைத் திருப்பித் தரும். பறையில் ஓட்டை இருந்தால் இதைத் தொடவே கூடாது. துளி மருந்து விட்டபோது தொண்டையில் அதன் ருசி தெரிந்தாலும், சின்ன வயதில் காதில் சீழ் வடிந்திருந்தாலும் ஓட்டை இருக்கக்கூடும். அப்படியென்றால் எந்தத் துளியையும் டொக்டரைக் கேட்காமல் விடாதீர்கள். தோல் புண்ணாக இருக்கும்போதும் ஸ்பிரிட் சுள்ளென்று எரிக்கும், அப்போது வேண்டாம். ஹெயார் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு கை தூரத்தில், ஒரு நிமிடம் பிடித்தாலும் போதும்.

மூன்று வருடமாகத் திரும்பி வருகிறது என்பதால் வெறும் வயிற்றில் இரத்தச் சீனி ஒரு தரம் பாருங்கள். கண்டுபிடிக்காத நீரிழிவு இப்படிக் காதில் முதலில் தெரிவது உண்டு. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவருக்கு இரவில் நித்திரை கொள்ள விடாத ஆழமான காது வலியோ, முகம் ஒரு பக்கம் கோணுவதோ வந்தால் அது இந்தச் சாதாரணத் தொற்று அல்ல, எலும்புக்குப் பரவும் தொற்றாக இருக்கலாம். கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, கிட்ட உள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போகவேண்டும். காதுமடல் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

சிகிச்சை முடிந்த பிறகும் கடி இருந்தால் உடனே மறுபடி குளோட்ரிமசோல் வாங்காதீர்கள். படை இல்லாமல், காது உள்ளே காய்ந்து செதிலாக இருந்து கடித்தால் அது தோல் வருத்தம். தலையில் பொடுகு உள்ளவர்களுக்கு அது அதிகம், அதற்கு மருந்து வேறு. துளி விட விடச் சிவப்பும் கடியும் மடலுக்கும் கழுத்துக்கும் இறங்கினால் அந்தத் துளி மருந்தே உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்திவிட்டு, போத்தலையும் கையில் கொண்டு போய்க் காட்டுங்கள்.